பேரலில் சேர்வதை விற்கிறோம், சாக்கடைக்குப் போவது எது?

கேள்வி: ஈஜிபுராவில் சின்ன டூ-வீலர் மெக்கானிக் கடை வைத்திருக்கிறேன். தினமும் ஐந்தாறு வண்டி சர்வீஸுக்கு வரும். பழைய ஆயிலைப் பேரலில் சேர்த்து, எடுக்க வருகிறவருக்கு விற்றுவிடுகிறேன். அப்படியும் வாசல் சாக்கடையில் எண்ணெய் மிதக்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வருகிறார்கள். எங்கிருந்து போகிறது? எப்படி நிறுத்துவது? விற்பதிலும் ஏதாவது தப்பு இருக்கிறதா?

பதில்: பெங்களூரில் பழைய ஆயில் எடுத்து அனுப்பும் தொழிலில் நிறைய காலம் இருந்தவன் என்பதால் ஒன்றைத் தைரியமாகச் சொல்லலாம். பேரலில் இருப்பதற்கு விலை உண்டு, அதை யாரும் சாக்கடையில் ஊற்றுவதில்லை. விலை போகாததுதான் சாக்கடைக்குப் போகிறது. பார்ட்ஸ் கழுவிய மண்ணெண்ணெய் அல்லது டீசல், காலி பாட்டிலின் அடியில் தங்கியது, தரையில் சிந்தியதைக் கழுவிய தண்ணீர், எண்ணெய் ஊறிய துணி. உங்கள் கடையிலும் இந்த நான்கில் ஒன்றாகத்தான் இருக்கும்.

முதலில் அது எண்ணெய்தானா என்று பாருங்கள். தேங்கி நிற்கும் சாக்கடைத் தண்ணீரில் இரும்பைத் தின்னும் பாக்டீரியா வளர்ந்தாலும் வானவில் நிறத்தில் ஒரு படலம் கட்டும். ஒரு குச்சியால் அதைக் கிளறுங்கள். பாக்டீரியாப் படலம் கண்ணாடிச் சில்லு மாதிரி உடைந்து, துண்டு துண்டாகவே மிதக்கும். எண்ணெய் என்றால் குச்சி போன இடத்தில் திரும்பவும் ஓடிவந்து கூடிக்கொள்ளும். பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு அவர் கண் முன்னாலேயே செய்து பார்த்தால் பாதிச் சண்டை அங்கேயே முடிந்துவிடும், அல்லது குற்றம் உங்களுடையதுதான் என்று உறுதியாகிவிடும்.

எண்ணெய்தான் என்றால், எந்த வேலையிலிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. காலையில் கடை திறந்ததும், தண்ணீர் வெளியேறும் துவாரத்தில் பழைய பனியன் துணி ஒன்றைக் குறுக்காகச் செருகி வையுங்கள். மதியம் ஒரு தடவை, மாலை ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். டீசல் வாடையோடு சாம்பல் நிறத்தில் இருந்தால் பார்ட்ஸ் கழுவிய இடம். வழவழவென்று கறுப்பாக, அதிக வாடை இல்லாமல் இருந்தால் என்ஜின் ஆயில், அதாவது டிரெயின் செய்யும்போது சிந்துவது. சோப்பு நுரையோடு இருந்தால் சாயங்காலம் தரை கழுவுவது.

உங்கள் கடைக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு நாளைக்கு 6 வண்டி, ஒவ்வொன்றிலும் சராசரியாக 850 மில்லி இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளலாம். புல்லட் வந்தால் 2 லிட்டருக்கு மேல் இறங்கும், ஸ்கூட்டரில் குறையும். நாளைக்கு 5 லிட்டர் சொச்சம். மாதம் 26 நாள் வேலை என்றால் 130 லிட்டர் சேரும். 210 லிட்டர் பேரல் நிரம்ப ஏறக்குறைய ஏழு வாரம் ஆகும். இது விலை போகிற கணக்கு.

விலை போகாத கணக்கு வேறு. புது ஆயில் ஊற்றியபின் பாட்டிலைத் தூக்கிப் போடுகிறீர்கள் அல்லவா, அதில் 20 மில்லி தங்கியிருந்தாலும் நாளைக்கு 120 மில்லி, மாதத்துக்கு 3 லிட்டர். சந்தேகம் இருந்தால் பத்து காலி பாட்டில்களை ஒரு புனலில் மாற்றி மாற்றி இரவு முழுக்கத் தலைகீழாக நிறுத்தி, அடியில் எவ்வளவு சேர்கிறது என்று பாருங்கள். அடுத்து பார்ட்ஸ் கழுவுவது. வாரம் இரண்டு முறை, ஒவ்வொரு தடவையும் 3 லிட்டர் டீசலை ஊற்றிக் கழுவிவிட்டு வாசலில் கவிழ்த்தால் மாதம் சுமார் 25 லிட்டர். இதைக் கேட்டால் பையன்கள் சொல்வது ஒன்றுதான்: "அது ஆயில் இல்லைண்ணா, வெறும் டீசல்தானே!" சேம்பர் மூடியையும் கிளட்ச் பிளேட்டையும் கழுவிய டீசலில் கறுப்பு ஆயில்தான் கரைந்திருக்கிறது. டீசலே சாக்கடைக்கும் மண்ணுக்கும் ஆகாத சரக்கு என்பது இன்னொரு பக்கம்.

ஒரு லிட்டர் எண்ணெய் ஒரு மைக்ரான் தடிமனுக்குப் பரவினால் 1000 சதுர மீட்டரை மூடும். 50 மீட்டருக்கு 20 மீட்டர் அளவுள்ள ஒரு குளம் அது. ஒரு மைக்ரான் என்பதே கண்ணுக்கு நன்றாகத் தெரியும் வானவில் படலம்தான். அதனால் ஒரு கிண்ணம் ஊற்றினாலும் தெரு முழுக்கத் தெரியும். உங்கள் மேல் புகார் வந்ததில் ஆச்சரியம் இல்லை.

வாசலில் ஓடுவது மழைநீர்ச் சாக்கடை என்றால் அந்தத் தண்ணீரை யாரும் சுத்திகரிப்பதில்லை. ஈஜிபுராப் பக்கத்துக் கால்வாய் ராஜகாலுவேயில் சேர்ந்து பெல்லந்தூர் ஏரிக்குப் போகிறது. அங்கிருந்து வர்த்தூர், அப்புறம் தென்பெண்ணை, அதன் பிறகு ஓசூர்ப் பக்கத்துக் கெலவரப்பள்ளி அணை. ஊரில் சொந்தக்காரர்கள் கிருஷ்ணகிரிப் பக்கம் இருந்தால் அவர்கள் வயலுக்கும் இந்தத் தண்ணீரில் ஒரு பங்கு இருக்கிறது. பாதாளச் சாக்கடையில் விட்டாலும் கதை நல்லபடியாக முடிவதில்லை. அது போய்ச் சேரும் சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை செய்வது பாக்டீரியா. எண்ணெய்ப் படலம் அதற்குப் போக வேண்டிய ஆக்சிஜனைத் தடுக்கும்.

மண்ணில் ஊற்றுவது இன்னொரு பழக்கம். புல் முளைக்கக்கூடாது, கரையான் வரக்கூடாது என்று சுவரோரம் ஊற்றுவார்கள். புல் சாவதற்குக் காரணம் மண்துகளைச் சுற்றி எண்ணெய் ஒட்டிக்கொண்டு தண்ணீரும் காற்றும் உள்ளே போகாமல் போவதுதான். கெட்டியான என்ஜின் ஆயில் மேல்மண்ணிலேயே வெகுநாள் கிடக்கும். ஆனால் டீசலும் மண்ணெண்ணெயும் கலந்தால் மெலிந்து, வேகமாகக் கீழே இறங்கும். நம் ஊரின் அடியில் இருப்பது பாறை. போர்வெல் தண்ணீர் அதன் வெடிப்புகள் வழியாகத்தான் ஓடுகிறது. ஒரு வெடிப்பில் இறங்கிய எண்ணெய் எந்தக் கிணற்றில் வாடையாக வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஓடிய ஆயிலில் எரிந்த கரி, தேய்ந்த இரும்பு, அலுமினியம், செம்பு, ஆயிலில் முதலிலேயே சேர்த்த துத்தநாகம் எல்லாம் கிடக்கும். பைக்கில் கிளட்ச் பிளேட்டும் கியரும் அதே ஆயிலில் ஊறுவதால் அவற்றின் தூளும் சேரும். காரீயம் மட்டும் முன்னைவிட மிகக் குறைவு. 2000-ல் காரீயம் இல்லாத பெட்ரோல் நாடு முழுக்க வந்த பலன் அது.

சரி, வழிக்கு வருவோம். டிரெயின் செய்வதிலிருந்து ஆரம்பிக்கிறேன். வண்டியை மூன்று நான்கு நிமிடம் ஓட்டி, ஆயில் வெதுவெதுப்பாக இருக்கும்போது போல்ட்டைக் கழற்றுங்கள். கால் மணி நேரம் அப்படியே விடுங்கள். அவசரத்தில் ஐந்து நிமிடத்தில் போல்ட்டைப் போட்டு முடித்தால், மிச்சம் இருப்பது வண்டியைத் தள்ளும்போது தரையில் சொட்டும். ட்ரே அகலமாக இருக்கட்டும். பழைய பெயிண்ட் வாளியை அறுத்து வைத்தால் ஆயில் சைலென்சரில் பட்டுத் தெறித்து வெளியேதான் விழும். வாஷர் நசுங்கியிருந்தால் மாற்றிவிடுங்கள். அந்தச் சின்ன வாஷரை மிச்சம் பிடித்ததால்தான் வீட்டு வாசல்களில் வட்ட வட்டமாகக் கறை விழுகிறது.

பேப்பர் பில்டர் உள்ள வண்டி என்றால் அதைத் துளை போட்ட ஒரு டப்பாவில் கவிழ்த்து, கீழே பாத்திரம் வைத்து ஒரு ராத்திரி விடுங்கள். ஸ்ப்ளெண்டர், ஆக்டிவா மாதிரி வண்டிகளில் தூக்கி எறிய ஒன்றும் இல்லை. சல்லடையும், ஸ்ப்ளெண்டரில் சுழல் பில்டரும்தான். அவற்றைக் கழுவும் டீசல்தான் பிரச்னை. காலி பாட்டிலுக்கு வழி ஏற்கனவே சொன்ன புனல்தான். இரவு முழுக்கக் கவிழ்ந்து கிடக்கட்டும். அதில் சேர்வது சுத்தமான புது ஆயில், செயினுக்கும் ஸ்டாண்ட் ஸ்பிரிங்குக்கும் போடலாம்.

பார்ட்ஸ் கழுவும் டீசலை ஊற்றியெறிய வேண்டிய அவசியமே இல்லை. குறுகி உயரமான ஒரு கேனில் ஊற்றி மூன்று நாள் ஆடாமல் வையுங்கள். கறுப்பு அடியில் படியும். மேலே இருப்பதை மெதுவாக இன்னொரு கேனுக்கு மாற்றினால் திரும்பவும் கழுவலாம். முதல் கழுவுக்குப் பழையது, கடைசி அலசலுக்குப் புதியது என்று இரண்டு தட்டு வைத்துக்கொண்டால் டீசல் செலவே பாதியாகும். அடியில் மிஞ்சும் சேற்றை மட்டும் தனியாக மூடிபோட்ட தகர டப்பாவில் சேருங்கள். அதைப் பேரலில் ஊற்றாதீர்கள்.

பேரலில் ஊற்றாதே என்று நான் சொல்வதில்தான் தொழில் முழுக்க இருக்கிறது. குடம் பாலுக்குத் துளி விஷம் என்பார்களே, அந்தக் கணக்கு. பேரலில் போகலாம் என்பது என்ஜின் ஆயில், கியர் ஆயில், முன் ஃபோர்க் ஆயில், இவ்வளவுதான். பிரேக் ஆயில் என்று நாம் சொல்வது பெட்ரோலிய எண்ணெயே இல்லை. அது கிளைக்கால் வகைத் திரவம், கூலண்டும் அதே இனம். பெட்ரோல் கலந்தால் பேரல் வாயில் தீப்பிடிக்கும் ஆவி நிற்கும், பக்கத்தில் கேஸ் வெல்டிங் இருந்தால் சொல்லவே வேண்டாம். டீசலும் மண்ணெண்ணெயும் ஆயிலை மெல்லியதாக்கிவிடும். சுத்திகரிப்பு ஆலையில் முதலில் தண்ணீரையும் லேசான சரக்கையும் கொதிக்கவைத்து நீக்கிவிட்டு, வெற்றிடத்தில் வடித்துத்தான் அடிப்படை ஆயிலைத் திரும்ப எடுக்கிறார்கள். கலப்படம் அதிகமானால் அந்தச் சரக்கு சட்டத்தின்படியே தரம் இறங்கிவிடும். 2016-ன் அபாயக் கழிவு விதிகளில், திரும்பச் சுத்திகரிக்கத் தகுதியுள்ளதும் எரிபொருளுக்கு மட்டும் ஆகும் கழிவும் தனித்தனி வகைகள்.

கலப்படத்தைக் கடையிலேயே கண்டுபிடிக்கலாம். ஒரு தண்ணீர் பாட்டிலில் கால் பங்கு ஆயில் எடுத்து ராத்திரி வைத்தால், தண்ணீர் இருந்தால் அடியில் தனியாக நிற்கும். வெளிர் காப்பி நிறத்தில் பால் மாதிரி இருந்தால் தண்ணீர் ஆயிலோடு கலந்தே விட்டது. சூடான தகட்டில் ஒரே ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பதும் உண்டு. சடசடவென்று வெடித்தால் தண்ணீர் இருக்கிறது. கண்ணாடி போட்டுக்கொண்டு, பேரலிலிருந்து தள்ளி நின்று செய்யுங்கள். பெட்ரோலுக்கு மூக்கே போதும். ஆனால் குனிந்து ஆழமாக மோந்து பார்க்கிறேன் என்று நிற்காதீர்கள்.

அப்புறம் பேரலை எங்கே வைப்பது? கூரைக்குக் கீழே, மூடியோடு. பெங்களூரில் ஜூனில் தொடங்கும் மழை அக்டோபர் வரை நின்று நின்று வரும். மூடியில்லாத பேரல் வெளியே கிடந்தால் தண்ணீர் அடியில் இறங்கி, ஆயில் மேலே ஏறி, வழிந்து தெருவுக்குப் போகும். பேரலைச் சுற்றி 1 மீட்டருக்கு 1.2 மீட்டர் அளவில், 20 செண்டிமீட்டர் உயரத்துக்குச் செங்கல் வைத்துப் பூசிய ஒரு தொட்டி கட்டுங்கள். 240 லிட்டர் பிடிக்கும். பேரல் ஓட்டையாகி முழுசும் ஒழுகினாலும் வெளியே வராது. அதற்குத் துவாரம் வைக்காதீர்கள். கழுவ வசதியாக இருக்கட்டும் என்று துவாரம் வைத்த ஒரு தொட்டியைப் பார்த்திருக்கிறேன், பேரல் ஒழுகிய நாளில் அது நேராகச் சாக்கடைக்கு வழிகாட்டியது.

தரைக்கு விதி ஒன்றே ஒன்று, தண்ணீரை எடுக்கும் முன்னால் காய்ந்த பொருளை எடுங்கள். சிந்தியதும் மரத்தூள் அல்லது உமி தூவி, உறிஞ்சியதைத் தேய்த்துக் கூட்டி அள்ளுங்கள். தச்சுப் பட்டறைக்காரர்கள் மரத்தூளைச் சும்மாவே கொடுப்பார்கள். கூட்டியதையும் எண்ணெய்த் துணியையும் மூடிபோட்ட இரும்பு டப்பாவில் போடுங்கள், தீ விபத்துக்கு அது முதல் காவல். அதன் பிறகு ஈரத் துணியால் துடைத்தால் போதும், கழுவத் தண்ணீரே தேவைப்படாது.

வாட்டர் வாஷ் வைத்திருக்கிறீர்களா என்று நீங்கள் சொல்லவில்லை. இருந்தால் வெளியே போகும் பாதையில் எண்ணெய்ப் பிரிப்புத் தொட்டி அவசியம். இரண்டு அறை, நடுவில் சுவர், இரண்டிலும் தண்ணீர் நிற்க வேண்டும். வெளியேறும் குழாயை மேலிருந்து எடுக்காமல், எல்போ போட்டு அடிப்பக்கம் திருப்பி, அடித்தண்ணீரை மட்டும் இழுப்பது மாதிரி வைக்க வேண்டும். மிதக்கும் எண்ணெய் உள்ளேயே தங்கும். வாரம் ஒரு முறை அகப்பையால் அதை வழித்தெடுத்துச் சேறு டப்பாவில் போடுங்கள்.

இந்தத் தொட்டியைக் கட்டியும் வேலை செய்யவில்லை என்று என்னிடம் வந்தவர்கள் பலரும் செய்தது ஒரே காரியம்தான், சோப்புத் தூள் போட்டுத் தரையைக் கழுவியது. சோப்பு எண்ணெயைக் கண்ணுக்குத் தெரியாத சின்னத் துளிகளாக உடைத்துத் தண்ணீரோடு கலந்துவிடும். அது மிதக்காது, அடிக்குழாய் வழியாகவே வெளியே போய்விடும். தெருவில் போனபின் நுரை அடங்கி, துளிகள் கூடி, மறுபடி படலமாக எழும். பிரஷர் கன்னின் வேகமும் இதைச் சிறிது செய்யும். ஆகவே சோப்பு வேண்டுமென்றால் காய்ந்த சுத்தம் முடித்தபின் கடைசியாக, கொஞ்சமாக மட்டும்.

இனி விற்பது. நீங்கள் விற்கும் ஆயில் அடுத்து எங்கே போகிறது என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் மழுப்பலான பதில்தான் கிடைக்கும். கான்கிரீட் ஷட்டரிங்குக்கு, பாய்லருக்கு, செங்கல் சூளைக்கு என்பார்கள். ஷட்டரிங்கில் தடவியது மழையில் மண்ணுக்கே போகும். சூளையில் எரித்தால் உள்ளிருக்கும் உலோகம் புகையிலும் சாம்பலிலும் போகும். நிறம் மட்டும் மாற்றிப் புது டப்பாவில் அடைத்துச் சந்தையில் விற்பவர்களும் இருக்கிறார்கள். அது உங்கள் வாடிக்கையாளர் வண்டிக்கே திரும்பி வரலாம். மற்ற எல்லாரையும்விட ஒருவர் கணிசமாக அதிக விலை தருகிறார் என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது அதைத்தான்.

சட்டம் கேட்பது அனுமதி உள்ளவரிடம் கொடுக்க வேண்டும் என்பது. கர்நாடக மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அங்கீகாரச் சான்றிதழ் நகலையும், அதன் காலாவதித் தேதியையும் கேளுங்கள். பெயரும் வண்டி எண்ணும் ஒத்துப் போகிறதா என்று பாருங்கள். எந்தச் சுத்திகரிப்பு ஆலைக்குப் போகிறது என்று எழுதி, அளவைக் குறித்து, ரசீது கொடுக்கச் சொல்லுங்கள். அதற்கே ஒரு மாதிரி பார்க்கிறவர் என்றால் அவர் வேண்டாம். 2024 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து ஆயில் உற்பத்தியாளர்களுக்கே பழைய ஆயிலைத் திரும்பச் சுத்திகரிக்கும் பொறுப்பு வந்துவிட்டது. அதற்காக ஆயில் சேகரிப்பவர்களும் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தளத்தில் பதிவு செய்ய வேண்டும். உங்களுக்கு ஆயில் சப்ளை செய்யும் டீலரிடம், "உங்கள் கம்பெனிக்கு யார் பழையதை எடுக்கிறார்கள்?" என்று ஒரு வார்த்தை கேட்டால் முறையான ஆள் கிடைக்க வாய்ப்பு உண்டு.

விதிப்படி சேமிப்பதற்குப் பொதுவான எல்லை 90 நாள். உங்கள் பேரல் ஏழு வாரத்தில் நிரம்புவதால் சிக்கல் இல்லை. ஆனால் முறையான சேகரிப்பாளர் ஒரு பேரலுக்காக வரத் தயங்குவார், நடைமுறையில் சின்னக் கடைகளின் பெரிய தலைவலி அதுதான். ஈஜிபுரா, விவேக்நகர்ப் பக்கம் தெருவுக்கு நான்கு மெக்கானிக் கடை இருக்கும், நம் ஆட்களும் நிறைய. மூன்று நான்கு பேர் சேர்ந்து ஒரே நாளில் எடுக்க வரச் சொன்னால் வண்டி வரும். எல்லாருடையதையும் ஒரு பேரலில் கொட்டிச் சேர்க்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். ஒருவர் கூலண்ட் கலந்திருந்தால் நால்வர் சரக்கும் கெடும், அப்புறம் யார் கெடுத்தது என்று சண்டைதான். அவரவர் பேரல் அவரவரிடம் இருக்கட்டும், நாள் மட்டும் ஒன்றாக இருக்கட்டும்.

சேறு, எண்ணெய்த் துணி, மரத்தூள் இவற்றுக்கு விலை கிடையாது. ஆயில் எடுக்கும் ஆளிடம் விலை பேசும்போதே, "இதையும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள், விலையில் கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள்" என்று கேளுங்கள். அவருக்கு அதற்கான அனுமதி இருந்தால் டாபஸ்பேட்டைப் பக்கத்திலுள்ள அபாயக் கழிவுக் கிடங்குக்கோ சிமெண்ட் ஆலை உலைக்கோ அனுப்ப வழி இருக்கும். தனியாக இதற்காக மட்டும் ஒரு சின்னக் கடைக்கு வண்டி வராது. மாநகராட்சிக் குப்பை வண்டியில் போடவே கூடாது.

வாசலில் ஏற்கனவே கறுத்த மண் இருந்தால், வாடையும் கறுப்பும் நிற்கும் ஆழம் வரை தோண்டி எடுத்து அதே சேற்றோடு சேருங்கள். பெரும்பாலும் ஒரு சாண் ஆழத்தில் நின்றுவிடும், டீசல் ஊற்றிய இடம் மட்டும் கீழே இறங்கியிருக்கும். குழியை நல்ல மண்ணால் மூடி மேலே சிமெண்ட் போட்டுவிட்டால், அடுத்த முறை சிந்தியது தெரியும், அள்ளவும் சுலபம்.

கையுறையும் போடச் சொல்லுங்கள், நைட்ரைல் கையுறை. ஓடிய ஆயிலில் எரிந்த பெட்ரோலின் மிச்சங்கள் இருக்கின்றன, வருடக்கணக்கில் தோலில் பட்டுக்கொண்டே இருந்தால் தோல் புற்றுநோய்க்கு அது ஒரு காரணம் ஆகலாம். கை கழுவப் பெட்ரோல் வேண்டாம், சோப்பு போதும்.

வீட்டிலேயே ஆயில் மாற்றிக்கொள்ளும் வாடிக்கையாளர் யாராவது கேட்டால், புது ஆயில் வந்த பாட்டிலிலேயே பழையதை ஊற்றி, மேலே பழைய ஆயில் என்று எழுதி உங்கள் கடைக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். பேரலில் ஊற்றும் முன் அந்தப் பாட்டிலைக் குலுக்காமல் வெளிச்சத்தில் பிடித்து, அடியில் தண்ணீர் நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் மாற்றுகிறவர்கள் கேனைக் கழுவிவிட்டு ஈரத்தோடு ஊற்றுவது சகஜம்.